ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த தம்பி

பார்வையாளர் நேரம் சாயங்காலம் நாலு மணி முதல் ஆறு மணி வரை என்று வார்டு வாசலில் பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருக்கிறது. யார் மதிக்கிறார்கள்? விடிகாலையில் ஃபிளாஸ்கோடு ஒரு மாமியார், பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் நடுவே ஒரு மச்சினன், மதியம் சாப்பாட்டு நேரத்தில் குடும்பத்தோடு ஊர்ச்சனம். தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் அரசு மருத்துவமனையின் நெஞ்சக வார்டில் நாற்பது படுக்கைக்குக் காலை டியூட்டியில் நர்ஸ் நான் ஒருத்திதான். வாட்ச்மேனைத் திட்டுவேன், அவர் வந்தவர்களைத் திட்டுவார், வந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள். இதற்கெல்லாம் பழகிவிட்டது. பதினேழாம் பெட்டுக்கு வந்துகொண்டிருந்த தம்பி விஷயத்தில்தான் எனக்குப் பழகவே இல்லை.

வயசு இருபத்தாறு இருக்கும். நீல நிற கம்பெனிச் சட்டை, முதுகில் ஒரு பை. காலை ஏழரைக்கு டாண் என்று வந்து அண்ணன் கட்டில் ஓரத்தில் நிற்பான். கையில் பழம் இருக்காது, இட்லிப் பொட்டலம் இருக்காது. அதிகம் பேசமாட்டான். பத்து நிமிஷம் நிற்பான், அண்ணன் கையைப் பிடிப்பான், போய்விடுவான். ஏழு மணிக்கு ஓவர் வாங்கி, ஊசி போட்டு, டி.பி. மாத்திரை கொடுக்கிற நேரம் அது. அந்த நேரத்தில்தான் வரவேண்டுமா? "சாயங்காலம் வாப்பா" என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுவான். மறுநாள் வரமாட்டான். அதற்கு மறுநாள் அதே ஏழரைக்கு வந்து நிற்பான்.

ஏன் வருகிறான் என்று வார்டில் ஆளுக்கொரு கதை. நர்சிங் படிக்க வந்திருக்கிற பெண்களில் ஒருத்தியைப் பார்க்கத்தான் வருகிறான் என்றார் வாட்ச்மேன். அந்தப் பெண்கள் எட்டரைக்குத்தான் வருவார்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை. காசநோயாளிகளுக்கு அரசாங்கம் சத்துணவுக்காக மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறதே, முன்னே 500 ஆக இருந்து 2024 நவம்பரில் கூட்டினார்களே, அந்தப் பணத்துக்குக் கண்ணி வைக்கிறான் என்றார் பக்கத்து பெட்டுக்காரரின் மனைவி. ஊரில் நிலம் இருக்கும், கைநாட்டு வாங்க அலைகிறான் என்று இன்னொருவர். எனக்கும் சந்தேகம்தான். என் சர்வீஸில் ஸ்டாம்ப் பேடு பையோடு வந்த சொந்தக்காரர்களையும் பார்த்திருக்கிறேன்.

அண்ணன்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்திநாலு வயசு. கிரானைட் பலகை அறுத்து மெருகு போடுகிற வேலை. அந்தக் கல் தூசியைப் பல வருஷம் சுவாசித்த நுரையீரலில் காசநோய் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். வந்தபோது 40 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை கணக்குப் பார்த்தால் 14-க்கும் கீழே. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியவில்லை. ஆக்சிஜன் 92. தமிழ்நாட்டில் 2022 முதல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்று நடக்கிறது. நோய் உறுதியானதுமே எடை, மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், தானாக நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் உடனே வார்டில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஏனென்றால் காசநோயில் சாகிறவர்களில் நிறையப் பேர் சிகிச்சை ஆரம்பித்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே செத்துப்போகிறார்கள். இவரும் அப்படித்தான் சேர்க்கப்பட்டார். எடைக்கு ஏற்ற கணக்குப்படி தினமும் மூன்று மாத்திரை. ஒவ்வொரு மாத்திரையிலும் நாலு மருந்து கலந்திருக்கும்.

ஒழுங்காக மாத்திரை போட்டால் ரெண்டு வாரத்தில் காய்ச்சல் இறங்க ஆரம்பிக்கும், பசி வரும், எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இவருக்கு அப்படி ஆகவில்லை. சாயங்காலம் ஆனால் 101. எடை அரைக் கிலோ ஏறி அதோடு நின்றுவிட்டது. மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோ என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்து, சளியை மறுபடி அனுப்பச் சொன்னார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், எச்.ஐ.வி. பார்த்தார்கள். எதுவும் இல்லை.

விஷயத்தை முதலில் பிடித்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. எங்கள் வார்டு துப்புரவுப் பணியாளர் அக்காதான். எழுந்து போக முடியாதவர்களின் மூத்திர டப்பாவைக் காலி செய்வது அவர். ஒருநாள் மதியம் என்னிடம் வந்து, "சிஸ்டர், மத்த பெட்டுக்காரங்க எல்லாம் தெனமும் செவப்பாத்தான் போறாங்க. இந்தப் பதினேழு மட்டும் ஒருநாள் செவப்பாப் போறாரு, ஒருநாள் சாதாரணமாப் போறாரு. ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையில் இருக்கிற ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குச் செங்கல் நிறம். அது உள்ளே போன சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சாக, சில பேருக்குச் சிவப்பாகவே வரும். பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள்தான் நோயாளிகளுக்குச் சொல்லுவோம். மறுநாள் மருந்து போகாவிட்டால் நிறம் தெளிந்துவிடும். அப்படியென்றால் இவர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை சாப்பிடுகிறார்!

ஆனால் நான் என் கையால் கொடுத்து, அவர் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேனே. மறுநாள் காலை அவருடைய துண்டைப் பார்த்தேன். ஒரு முனையில் பழைய கறையும் புதுக் கறையுமாகச் செங்கல் நிறம். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, நான் அடுத்த பெட்டுக்கு நகர்ந்ததும் துண்டில் துப்பியிருக்கிறார். ஈரம் பட்டதில் மேல்பூச்சு கரைந்து நிறம் விட்டிருக்கிறது. ஒரு நோயாளி மூன்று பெரிய மாத்திரையை விழுங்கி முடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிற வரை பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் ஆளுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும். நாற்பது பேருக்கு எண்பது நிமிஷம். அந்த எண்பது நிமிஷத்தில் ஊசிகளை யார் போடுவது, ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்த கட்டிலுக்கு யார் ஓடுவது? நேரில் நின்று விழுங்க வைக்க வேண்டும் என்று சட்டமாகச் சொல்பவர்கள், அதற்கு இன்னொரு நர்ஸைக் கொடுக்க வேண்டாமா?

மாத்திரையைத் துப்புகிறவர் ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் துப்ப வேண்டும்? வாந்தி வருகிறது, வயிறு எரிகிறது என்று துப்புகிறவர்கள் உண்டு. அவர்கள் தினமும் துப்புவார்கள், அல்லது நாலு நாள் சேர்ந்தாற்போல் துப்புவார்கள். இப்படி முறைவைத்து யாரும் துப்புவதில்லை. யோசித்துக்கொண்டே கேஸ் ஷீட்டில் அக்கா சொன்ன நாட்களை எழுதிப் பார்த்தேன். வெள்ளையாகப் போன நாளெல்லாம் தம்பி வந்த நாள்.

தம்பியின் முறைக்கு அண்ணன்காரர் முன்னமே ஒரு காரணம் சொல்லியிருந்தார். "ஒரகடத்துல கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கான் சிஸ்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் நைட் ஷிப்ட். அது முடிஞ்சா கம்பெனி பஸ் படப்பை வழியா தாம்பரம் வெஸ்ட்ல இறக்கிவிட்டுரும். அப்படியே வந்துருவான்." நானும் நம்பினேன். எங்கள் லேப் அட்டெண்டரின் மகன் ஒரகடத்தில்தான் வேலை பார்க்கிறான். அவரிடம் கேட்டேன். "வாரத்துக்கு ஒருக்கா ஷிப்ட் மாறும் சிஸ்டர். நாளுக்கு ஒருக்கா எந்தக் கம்பெனில மாத்துவான்?" என்றார்.

அடுத்த முறை அவன் வந்தபோது நான் மாத்திரை டிரேயைப் பதினேழாம் பெட்டிலேயே வைத்துவிட்டு நின்றேன். அண்ணன்காரர் மூன்றையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "வாயைத் திறங்க" என்றேன். திறக்கவில்லை. தம்பியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் முட்ட அண்ணன்காரர் விழுங்கினார். அப்போது தம்பிக்கு இருமல் வந்தது. பையை முகத்தில் அழுத்திக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருமிப் பழகிய இருமல். இத்தனை நாள் இருமுகிறவர்கள் நிறைந்த வார்டில் நின்றதால் அது யார் காதிலும் தனியாக விழவில்லை.

வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். "எத்தனை நாளாப்பா இருமல்?"

"ரெண்டு மாசமா, சிஸ்டர்."

"சாயங்காலம் காய்ச்சல்?"

"வருது."

"அண்ணன் மாத்திரையை நீதான் சாப்பிடுறியா?"

பதில் இல்லை. உள்ளேயிருந்து அண்ணன்காரர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "அவனத் திட்டாதீங்க சிஸ்டர். நான்தான் குடுத்தேன். எனக்கு ஒருநாள், அவனுக்கு ஒருநாள். சின்ன வயசுல ஒரு சைக்கிள அப்படித்தான் ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அந்த மாத்திரை காசு கொடுத்து வாங்குகிற மாத்திரையா? எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் பரிசோதனையும் இலவசம், ஆறு மாச மருந்தும் இலவசம். தம்பிக்கு 58 கிலோ. அவன் உடம்புக்குத் தினமும் நாலு மாத்திரை வேண்டும். கிடைத்தது ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று, அதுவும் வாயில் ஊறிய மூன்று. அண்ணனுக்குத் தினமும் வேண்டிய மூன்றில் பாதி நாள் இல்லை. கிருமிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அரைகுறை மருந்தில் பலவீனமான கிருமி சாகும், மருந்தைத் தாங்குகிற கிருமி பிழைத்துப் பெருகும். அப்புறம் இந்த மாத்திரையே கேட்காமல் போய்விடும். வேறு மருந்து, கடுமையான பக்கவிளைவு, உயிருக்கே உலை. ஒருத்தரைக் காப்பாற்ற வேண்டிய மருந்தை ரெண்டு பேரும் பாசத்தோடு பங்குபோட்டு, ரெண்டு பேருக்கும் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இலவசமாக் கெடைக்குதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் சிஸ்டர். டெஸ்ட் எடுத்தா அட்ரஸ் கேப்பாங்க. அப்புறம் வீட்டுக்கு வருவாங்க. அண்ணனுக்கு வந்தாங்கல்ல."

அண்ணனுக்கு நோய் உறுதியானதும் சுகாதாரப் பணியாளர் அவர்கள் குடியிருந்த இரும்புலியூர் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் வேறு யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தார். அது அவருடைய கடமை, நல்ல கடமை. ஆனால் கீழ்வீட்டில் வழி கேட்டிருக்கிறார். அன்று சாயங்காலமே ஹவுஸ் ஓனர் மாடி ஏறி வந்து, "சின்னக் குழந்தைங்க இருக்கிற வீடு, கோச்சுக்காதீங்க" என்று அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் வார்டுக்கு வந்தார். தம்பி படப்பையில் கான்ட்ராக்டர் எடுத்து வைத்திருக்கிற ரூமுக்குப் போனான். ஒரே ரூமில் ஏழு பேர், பாயை விரித்து ஷிப்டுக்கு ஷிப்டு மாற்றிப் படுக்கிறார்கள். அங்கே இருமினால் வேலை போய்விடும் என்று பைக்குள் இருமப் பழகியிருக்கிறான். ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிற ஒரே ஆள் இப்போது அவன்தான்.

ரயில் நிலையத்துக்கே சானட்டோரியம் என்று பெயர் இருக்கிற ஊர் இது! டாக்டர் டேவிட் சவரிமுத்து 1928-ல் இங்கே காசநோயாளிகளுக்கென்று மருத்துவமனை தொடங்கினார். 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, அவ்வளவுதான். வீட்டைவிட்டு ஒதுக்கி வைப்பதற்கு அன்றைக்கு ஒரு நியாயம் இருந்தது. அப்புறம் மருந்து வந்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஆராய்ச்சி மையம் தொடங்கி, பாதி நோயாளிகளை சானட்டோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகமே அதைப் பார்த்துத்தான் காசநோயாளியை வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தது. அந்தச் சென்னையில், அந்த சானட்டோரியத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனில், மருந்து தொடங்கிய ஆளைக் காலி பண்ணச் சொல்கிறார் ஒரு ஹவுஸ் ஓனர். மருந்தே தொடங்காமல் இருமிக்கொண்டிருந்த தம்பியை மாடிப்படியில் பார்த்து, அவர் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன்காரரின் கேஸ் ஷீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் பூஜ்யம். சேர்க்கிற அன்று கேட்டிருக்கிறார்கள், இவர் "யாரும் இல்ல" என்றிருக்கிறார். உண்மைதான், அன்றைக்கு அவருக்கு வீடே இல்லை. யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்கிறோமே தவிர, கடந்த மூன்று மாசம் யாரோடு படுத்தீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்பதில்லை. கட்டம் நிரம்பினால் போதும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அந்த ஆள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நின்றுகொண்டிருந்தான், எங்கள் தாளில் அவன் இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். நல்ல மனுஷன், கத்தவில்லை. அன்றைக்கே தம்பியின் சளியை மெஷினில் போட்டார்கள். ரெண்டு மணி நேரத்தில் ரிசல்ட் வந்துவிடும். நோய் இருந்தது. ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்றும் வந்தது. அண்ணனுக்கு மறுபடி அனுப்பியதிலும் அப்படித்தான் வந்தது. நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாதிநாள் மருந்தில் இவ்வளவு தூரம் வந்தும் கிருமி கெட்டுப்போகாமல் இருந்தது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். அண்ணனுக்குத் தவறிப்போன நாட்களைச் சேர்த்து முதல் கட்ட மருந்தை நீட்டினார்கள். தம்பிக்கு அவன் பெயரிலேயே அட்டை, அவன் எடைக்கு நாலு மாத்திரை. பத்தே நாளில் அண்ணன்காரருக்குக் காய்ச்சல் நின்றது. மதியம் ரெண்டாவது தடவை சாதம் கேட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். தம்பியின் அட்டையிலும் அதே கட்டம் இருந்தது. ஆறு பேர் என்று நானே சொல்லி எழுத வைத்தேன். எழுதிவிட்டால் யாராவது அந்த ரூமுக்குப் போயாக வேண்டும். போனால் இவன் வேலை போகும். போகாவிட்டால் அந்த ஆறு பேரில் யாராவது இன்னும் ரெண்டு மாசத்தில் யாரோ ஒருவரின் மாத்திரையைப் பங்கு கேட்டு நிற்பான். சுகாதார விசிட்டரைக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். அவர் புரிந்துகொண்டார். "வண்டிய மெயின் ரோட்லயே விட்டுட்டுப் போறேன் சிஸ்டர். யார் பேரையும் சொல்லல. ஏரியா ஃபுல்லா இருமல் செக்கப்னு நாலு ரூமுக்குப் போற மாதிரிப் போறேன்" என்றார். அப்படியே போனார். ஆறு பேரில் ரெண்டு பேருக்கு இருமல். ஒருத்தருக்கு நோய் இல்லை, இன்னொருத்தருக்கு ஆரம்பக் கட்டம். அவருக்கும் மருந்து தொடங்கியாகிவிட்டது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் கான்ட்ராக்டருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மருந்து அட்டை பைக்குள் இருந்ததை யாரோ பார்த்திருக்கலாம். ஆறு மாசம் கழித்து வா என்று சொல்லிவிட்டாராம். ஆறு மாசம் அவன் எதைச் சாப்பிடுவான், அம்மாவுக்கு என்ன அனுப்புவான்? சில வாரம் மருந்து சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று ஆனதும் அவன் தாராளமாக வேலைக்குப் போகலாம், யாருக்கும் அவனால் ஆபத்தில்லை. டாக்டர் அப்படியே சர்டிஃபிகேட் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். கான்ட்ராக்டருக்கு நானே போன் செய்தேன்.

"நீங்க சொல்றது சரிங்க மேடம். ஆனா பசங்க பயப்படுறாங்க. நான் என்ன பண்றது?"

"பயப்படுற பசங்களை இங்க அனுப்புங்க சார். நான் சொல்லிப் புரிய வைக்கிறேன்."

"பாக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டார். மறுபடி அடித்தால் எடுப்பதில்லை. தம்பி இப்போது தினமும் காலையில் வருகிறான், மாத்திரையை என் முன்னால் விழுங்கி வாயைத் திறந்து காட்டுகிறான். கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டுதான் வருகிறான். வேலை இல்லாதபோது எதற்குப்பா அந்தச் சட்டை என்று கேட்டேன். வேறு சட்டையெல்லாம் ரூமில் மாட்டிக்கொண்டதாம், எடுக்க உள்ளே விடமாட்டேன் என்கிறார்களாம். அதை வாங்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.